கலிய நாயனாரும் சங்கிலியும்: சேக்கிழார் சொன்னதில் எதை எவ்வளவு நம்பலாம்?

திருவொற்றியூர் தேரடி பக்கத்துலதான் இருக்கோம். கலிய நாயனார் நம்ம ஊர்க்காரர், ரத்தத்துல விளக்கு எரிக்கப் போனவர்னு சின்ன வயசுல இருந்து கேக்குறோம். அவர் நிஜமா இருந்தாரா?

கலியன் என்று ஒருவர் இருந்தார், அவரைச் சிவனடியாராக மதித்தார்கள் என்பதை ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். சுந்தரர் தம் திருத்தொண்டத்தொகையில் அவர் பெயரைச் சொல்லி வணங்குகிறார். ஆனால் சுந்தரர் சொல்வது அந்தப் பெயரை மட்டும்தான். ஊரையும் தொழிலையும் விளக்கையும் அவர் சொல்லவில்லை. நாம் கேட்டு வளர்ந்த கதை முழு உருவத்தில் கிடைப்பது 12ஆம் நூற்றாண்டில், இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில் (1133–1150) சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில். சுந்தரரின் காலத்தை 8ஆம் நூற்றாண்டின் தொடக்கம் என்று வைப்பவர்களும் உண்டு, 9ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி என்று வைப்பவர்களும் உண்டு. எப்படிப் பார்த்தாலும் அந்தப் பெயருக்கும் முழுக் கதைக்கும் நடுவே முந்நூறு, நானூறு ஆண்டுகள் கிடக்கின்றன.

எனவே "இருந்தாரா இல்லையா" என்று மொத்தமாகக் கேட்டால் விடை பிடிபடாது. கதையின் ஒவ்வொரு விவரத்தையும் தனியே எடுத்து, இதை முதலில் சொன்னவர் யார் என்று கேட்டால் பிடிபடும்.

அந்த ஒத்தைச் சொல் எங்க இருக்கு? நானே பாக்க முடியுமா?

ஏழாம் திருமுறையில் 39ஆம் பதிகம், ஏழாவது பாட்டு. வரி இது:

"கைதடிந்த வரிசிலையான் கலிக்கம்பன் கலியன்
கழற்சத்தி வரிஞ்சையர்கோன் அடியார்க்கும் அடியேன்"

இதில் மூன்று பேர் வருகிறார்கள். கலிக்கம்பனுக்கு "கைதடிந்த வரிசிலையான்" என்று ஓர் அடைமொழி கிடைத்திருக்கிறது. சத்திக்குக் "கழல்" என்ற அடையும் வரிஞ்சை என்ற ஊரும் கிடைத்திருக்கின்றன. நடுவில் நிற்கும் கலியனுக்கு ஒன்றுமில்லை. அந்தப் பெயரும் அபூர்வமானது அல்ல. வைணவத்தில் திருமங்கையாழ்வார் தம்மைக் கலியன் என்றே சொல்லிக்கொள்கிறார். பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ஆளை அடையாளம் காண முடியாது.

பக்கத்தில் நிற்கும் கலிக்கம்பனையும் கொஞ்சம் கவனியுங்கள். சேக்கிழார் கதையில் அவர் பெண்ணாகடத்து வணிகர். முன்பு தம் வீட்டில் வேலை செய்தவர் அடியாராக வந்தபோது, கால் கழுவ நீர் வார்க்க மனைவி தயங்கினார். அதற்காக அவர் மனைவியின் கையை வெட்டினார். "கைதடிந்த" என்ற சொல்லுக்கு இந்தக் கதை விளக்கம் தந்துவிடுகிறது. "வரிசிலையான்", அதாவது வரிந்து கட்டிய வில்லை உடையவன் என்ற சொல்லுக்கோ கதையில் இடமே இல்லை. வணிகர் வீட்டில் வில்லுக்கு என்ன வேலை? அடைமொழியில் பாதியைக் கதை விளக்குகிறது, மீதிப் பாதி அநாதையாக நிற்கிறது. இப்படி ஒட்டாமல் நிற்கும் சொல் கண்ணில் பட்டால் தாண்டிப் போய்விடாதீர்கள். சுந்தரர் காலத்தில் மக்கள் அறிந்திருந்த செய்தி வேறாகவோ கூடுதலாகவோ இருந்து, இடையில் தொலைந்திருக்கலாம் என்பதற்கு அதுதான் தடயம்.

நடுவுல நம்பியாண்டார் நம்பி இருக்காரே. அவரைக் கணக்குல சேக்கலையா?

கட்டாயம் சேர்க்க வேண்டும். நம்பியை 10ஆம் நூற்றாண்டிலோ 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ வைப்பது வழக்கம். பதினோராம் திருமுறையில் உள்ள அவருடைய திருத்தொண்டர் திருவந்தாதி, தொகையில் வரும் ஒவ்வோர் அடியாருக்கும் பெரும்பாலும் ஒரு பாட்டு என்ற அளவில் செல்கிறது. கலியருக்கும் ஒரு பாட்டு உண்டு. ஒற்றியூர், எண்ணெய் விற்றும் செக்கில் உழன்றும் பெற்ற கூலி, அதில் எரித்த விளக்கு என்ற கதையின் கரு அங்கேயே வந்துவிடுகிறது. ஆகவே இவை சேக்கிழார் புதிதாகச் சேர்த்தவை அல்ல. குறைந்தது அவருக்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே வழங்கியவை.

அந்தக் கருவைச் சுற்றி வளர்ந்த முழுக் கதை சேக்கிழாரிடம் மட்டுமே கிடைக்கிறது. கலியர் செல்வராக இருந்து கோயிலின் உள்ளும் புறமும் இரவு பகலாக விளக்கெரித்தார். செல்வம் கரைந்தது. உறவினரிடம் எண்ணெய் வாங்கி விற்று, கிடைத்த கூலியில் விளக்கெரித்தார். அவர்கள் எண்ணெய் தர மறுத்தார்கள். செக்கு ஆட்டும் கூலி வேலைக்குப் போனார். வேலைக்கு ஆள் மிகுந்து அந்தக் கூலியும் நின்றது. வீட்டை விற்றார். மனைவியை விற்க முயன்றார், வாங்க ஆளில்லை. கடைசியில் அகல்களை வரிசையாக வைத்துத் திரியிட்டு, எண்ணெய்க்குப் பதில் உதிரம் வார்க்கக் கழுத்தை அரியத் தொடங்கினார். இறைவன் கையைப் பிடித்துத் தடுத்தார்.

படிகள் எவ்வளவு ஒழுங்காக இறங்குகின்றன பாருங்கள். வாழ்க்கையில் வறுமை இப்படி வரிசை பிசகாமல் படியிறங்கி வருவதில்லை. கதை சொல்லத் தெரிந்தவர் கையில்தான் வரும்.

செக்கு, கூலி, சக்கரப்பாடித் தெருன்னு இவ்ளோ விவரமா எழுதியிருக்காரே. தெரியாதவர் இப்படி எழுத முடியுமா?

முடியாது. ஆனால் அவருக்குத் தெரிந்திருந்தது எது என்பதில்தான் பலரும் வழுக்கி விழுகிறார்கள்.

சேக்கிழார் எண்ணெய் வணிகரின் தெருவைச் சக்கரப்பாடித் தெரு என்கிறார். சோழர் காலக் கல்வெட்டுகளில் எண்ணெய் வணிகர் சங்கரப்பாடியார் என்ற பெயரில் வருகிறார்கள். கோயில் விளக்குக்கு எண்ணெயும் நெய்யும் எங்கிருந்து வந்தன, யார் கொடுத்தார்கள், எதை வைத்துக் கொடுத்தார்கள் என்பதெல்லாம் அந்தக் காலத்தில் கல்லில் வெட்டிவைத்த செய்திகள். ஒரு நந்தா விளக்குக்கு 90 அல்லது 96 ஆடுகளைக் கொடுப்பார்கள். அவற்றைச் "சாவா மூவாப் பேராடு" என்று எழுதுவார்கள். ஆடு செத்தாலும் கிழடானாலும் குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பொருள். அந்த மந்தையை ஏற்றுக்கொண்டவர் நாளுக்கு ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆட்டுக்குப் பதில் பொன்னையோ காசையோ கொடுத்து, அதன் வட்டியில் விளக்கெரிப்பதும் உண்டு. பல்லவர் காலம் தொட்டுக் கல்வெட்டு நிறைந்த திருவொற்றியூர்க் கோயிலில் இதெல்லாம் அன்றாட நடைமுறை.

குன்றத்தூர்க்காரரான சேக்கிழாருக்கு ஒற்றியூர் தூரமில்லை. தெருவும் செக்கும் கூலி நிலவரமும் அவர் கண்முன் இருந்தவை. ஆகவே கதையின் பின்னணி சரியாக இருப்பது, 12ஆம் நூற்றாண்டு ஒற்றியூரை அவர் நன்கு அறிந்திருந்தார் என்பதைக் காட்டுகிறது. முந்நூறு ஆண்டுக்கு முன் ஒரு மனிதருக்கு இன்னது நடந்தது என்பதை அது காட்டாது. தண்டையார்பேட்டையை நன்கு அறிந்த ஒருவர், அங்கே நடந்ததாக ஒரு கதை எழுதினால் தெருப் பெயர், பஸ் நிறுத்தம், டீக்கடை எல்லாம் சரியாகத்தான் இருக்கும். கதை நடந்ததா என்பது வேறு கேள்வி.

ஒன்றை மட்டும் கூடுதலாகச் சொல்லலாம். ஆடும் பொன்னும் கொடுத்து விளக்கு வைத்தவர்களின் பெயர்கள்தாம் கல்லில் இருக்கின்றன. தினக்கூலியில் விளக்கெரித்த ஒருவர் கல்லில் ஏறியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. கலியர் பெயரில் கல்வெட்டு இல்லை என்பதை அவருக்கு எதிரான சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

மனைவியை விக்கப் போனது, கழுத்தை அறுத்தது இதெல்லாம் அப்படியே நடந்திருக்குமா?

இதற்குக் கலியர் கதையை மட்டும் படித்தால் போதாது. அதே நூலில் ஒரே அச்சில் வார்த்த கதைகளைப் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். கணமங்கலத்து அரிவாட்டாயர் செல்வர். வறுமை வந்து கூலிக்கு நெல் அறுக்கிறார். ஒருநாள் படைக்கக் கொண்டுபோன அமுது நிலவெடிப்பில் சிந்திவிட, அரிவாளால் கழுத்தை அரிகிறார். இறைவன் கை வந்து தடுக்கிறது. கணம்புல்லர் தில்லையில் புல் விற்று நெய் வாங்கி விளக்கெரிக்கிறார். புல் விலைபோகாத நாளில் புல்லையே எரிக்கிறார், அது போதாமல் தம் தலைமுடியை எரிக்கிறார். மதுரையில் மூர்த்தி நாயனார் சந்தனக் கட்டை கிடைக்காமல் தம் முழங்கையைக் கல்லில் தேய்க்கிறார்.

தொண்டு, அதற்குத் தடை, பொருள் தீர்தல், பொருளுக்குப் பதிலாக உடம்பு, கடைசி நொடியில் இறைவன். நான்கிலும் எலும்பு ஒன்றுதான், சதைதான் மாறுகிறது. இத்தனை பேர் வாழ்க்கையும் தற்செயலாக ஒரே வடிவில் அமைந்தது என்பதை ஏற்பது கடினம். அடியார் வரலாறு இப்படித்தான் போகும் என்று கேட்பவரும் சொல்பவரும் ஏற்றுக்கொண்ட ஒரு வடிவம் இருந்தது, கிடைத்த செய்தி அதற்குள் வார்க்கப்பட்டது என்பதே எங்கள் முடிவு. ஆகவே அச்சுக்குள் பொருந்தும் பகுதியைக் குறைவாகவும், பொருந்தாமல் துருத்தும் பகுதியைக் கூடுதலாகவும் நம்புங்கள். கலியர் கதையில் துருத்தி நிற்பது செக்குத் தொழில்.

எல்லா விளக்குக் கதைக்கும் வயது ஒன்றல்ல என்பதும் உண்டு. தண்ணீரால் விளக்கெரித்த நமிநந்தியடிகள் கதையைச் சுந்தரருக்கும் முந்திய அப்பரே திருவாரூர்ப் பதிகத்தில் குறிப்பிடுகிறார்: "நம்பிநந்தி நீரால் திருவிளக்கிட்டமை நீள்நாடு அறியுமன்றே." தண்ணீரில் விளக்கு எரிந்ததா என்று அப்பர் பாட்டை வைத்து முடிவு கட்ட முடியாது. ஆனால் 7ஆம் நூற்றாண்டிலேயே அந்தக் கதை நாடறிந்த கதை என்பது உறுதி. கலியருக்கு இப்படி ஒரு வரி இல்லை.

சங்கிலி நாச்சியார் கதையும் நம்ம கோயில்ல நடந்ததுதானே. அதுவும் சேக்கிழார் ஒருத்தர் பேச்சுதானா?

இங்கே நிலைமை தலைகீழ். கதையின் நாயகரே பாடிய பாட்டுகள் கையில் இருக்கின்றன. அதனால் சேக்கிழாரைச் சோதித்துப் பார்க்க நல்ல இடம் இதுதான்.

முதலில் சேக்கிழார் கதை. ஞாயிறு என்ற ஊரில் பிறந்த சங்கிலிக்குத் திருமணம் பேச முற்படுகிறார்கள். பெண் கேட்டவர்கள் இறந்துபோகிறார்கள். பெற்றோர் அவளை ஒற்றியூரில் கன்னிமாடம் அமைத்துக் குடிவைக்கிறார்கள். திரைக்குப் பின்னிருந்து மாலை தொடுத்துக் கொடுப்பவளைச் சுந்தரர் காண்கிறார். உன்னைப் பிரியேன் என்று சத்தியம் செய்ய வேண்டும். சந்நிதியில் சத்தியம் செய்தால் கட்டுப்பட வேண்டுமே என்று, அந்த நேரம் மட்டும் மகிழமரத்தடிக்குப் போய்விடும்படி இறைவனிடம் கேட்கிறார். இறைவனோ சங்கிலியின் கனவில் வந்து, மகிழின் கீழேயே சத்தியம் வாங்கச் சொல்லிவிடுகிறார். பிறகு சுந்தரர் ஆரூர் நினைவில் ஊரெல்லையைத் தாண்ட, கண் போகிறது. வெண்பாக்கத்தில் ஊன்றுகோல், காஞ்சியில் ஒரு கண், ஆரூரில் மறு கண்.

இனிச் சுந்தரர் வாய்மொழி. திருமுல்லைவாயில் பதிகத்தில் "தண்பொழில் ஒற்றி மாநகர் உடையாய் சங்கிலிக்கா என்கண் கொண்ட பண்ப" என்கிறார். ஊர், பெண், கண், காரணம் நான்கும் ஒரே வரியில் கிடைக்கின்றன. ஒற்றியூர்ப் பதிகத்தில் "மூன்று கண்ணுடையாய் அடியேன்கண் கொள்வதே கணக்கு வழக்காகில் ஊன்றுகோல் எனக்காவதொன் றருளாய்" என்று சண்டை பிடிக்கிறார். உனக்கு மூன்று கண் இருக்க, என் கண்ணை எடுத்துக்கொள்வதுதான் நியாயமா என்ற கேள்வி அது. வெண்பாக்கப் பதிகத்தில் "ஊன்றுவதோர் கோலருளி உளோம்போகீர் என்றானே" என்று வருகிறது. ஆரூரில் "மற்றைக் கண்தான் தாராதொழிந்தால் வாழ்ந்து போதீரே" என்கிறார். மறு கண்ணைக் கேட்கிறார் என்றால், ஒரு கண் ஏற்கெனவே கிடைத்துவிட்டது.

மகிழமரத் தந்திரம் சேக்கிழார் கற்பனையாக இருக்கும் என்றுதான் முதலில் தோன்றும். அதுவும் பாட்டில் இருக்கிறது. வெண்பாக்கத்தில் "போய்மகிழ்க்கீழ் இருவென்று சொன்னஎனைக் காணாமே சூளுறவு மகிழ்க்கீழே என்னவல்ல பெருமானே" என்று இறைவனைக் குற்றம் சாட்டுகிறார். மகிழின் கீழ் போய் இரு என்று நான் சொன்னேன், நீ எனக்குத் தெரியாமல் சத்தியம் மகிழின் கீழ்தான் என்று சொல்லிவிட்டாயே என்பது குற்றச்சாட்டு.

இந்தப் பாட்டுகளை எல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தால் சேக்கிழாருக்கே உரியதாக எஞ்சுவது சங்கிலியின் முன்கதை. கயிலையில் அவள் அநிந்திதை என்ற தோழியாக இருந்தது, ஞாயிறு என்ற பிறந்த ஊர், பெண் கேட்டவர்கள் இறந்தது, கன்னிமாடம், திரை. இவற்றை ஒரே தட்டில் வைக்க முடியாது. ஞாயிறு செங்குன்றத்தை அடுத்து இன்றும் இருக்கும் ஊர், அந்த வட்டாரமே பழங்காலத்தில் ஞாயிறு நாடு. உள்ளூர் வழக்கிலிருந்து சேக்கிழார் பெற்றிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் தந்தையை "ஞாயிறு கிழவர்" என்கிறார். அது ஞாயிறு ஊரின் உரிமையாளர் என்ற பட்டம், ஆளின் பெயர் அல்ல. பெயர் தொலைந்துபோய், ஊரும் தகுதியும் மட்டும் எஞ்சியதன் அடையாளம் அது. கயிலைக் காட்சியை யாரும் நேரில் பார்த்து வந்து சொல்ல முடியாது. சுந்தரர் இரண்டு பெண்களை மணந்ததற்கு முன்பிறவியில் காரணம் காட்டுவதுதான் அதன் வேலை.

சுந்தரரே பாடிட்டார்னா அப்புறம் சந்தேகம் எதுக்கு?

பாட்டு நாட்குறிப்பு அல்ல, அதுதான் காரணம். கண்ணில் ஏதோ நேர்ந்தது, அதைச் சங்கிலி விஷயத்துக்குக் கிடைத்த தண்டனையாக அவர் எடுத்துக்கொண்டார் என்பது வரை பாட்டு நம்மை அழைத்துப் போகும். நோய்தானா, எத்தனை நாள் நீடித்தது, எந்த வரிசையில் எந்த ஊருக்குப் போனார் என்பது அதில் இல்லை. வெண்பாக்கத்தில் "பிழையுளன பொறுத்திடுவர் என்றடியேன் பிழைத்தக்கால்" என்று தவற்றை ஒப்புக்கொள்கிறார். ஆரூரிலோ "குற்றமொன்றும் செய்ததில்லை" என்று முழங்குகிறார். இந்த ஏற்ற இறக்கங்களை ஒரே பயணமாகக் கோத்து, முன்பின் வரிசை தந்தவர் சேக்கிழார். வரிசை பொருத்தமாகவே இருக்கிறது, ஆனாலும் அது ஊகித்துக் கோத்த வரிசை.

இதைச் சரிபார்க்க உட்காருபவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் பொறி ஒன்று உண்டு. அச்சிட்ட தேவாரத்தில் பதிகத்தின் தலையில் "பதிக வரலாறு" என்று சில வரிகள் இருக்கும். சுந்தரர் கண்ணிழந்தபோது பாடியது, இன்ன ஊரில் கோல் பெற்றபோது பாடியது என்று. அந்தக் குறிப்புகள் பெரியபுராணத்திலிருந்து எடுத்தவை. அதைப் படித்துவிட்டு "சேக்கிழார் சொன்னது தேவாரத்திலும் இருக்கிறதே" என்றால், சேக்கிழாருக்குச் சேக்கிழாரையே சாட்சி வைத்ததாக ஆகும். தலைக்குறிப்பை ஒரு தாளால் மூடிவிட்டுப் பாட்டை மட்டும் படியுங்கள்.

மகிழமரம் இன்னும் கோயில்ல இருக்கு, மாசித் திருவிழாவுல மகிழடி சேவையும் நடக்குது. இது சான்று இல்லையா?

கதை ஊரில் வேரூன்றியதற்குச் சான்று, சம்பவத்துக்கு அல்ல. விழாவும் சந்நிதியும் கதையிலிருந்து பிறக்கக்கூடியவை.

ஆனால் எப்போது வேரூன்றியது என்பதற்கு ஒரு நல்ல கல்வெட்டு இதே கோயிலில் கிடைத்திருக்கிறது. 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட இரண்டாம் இராசாதிராசன் பங்குனி உத்திர விழாவில் இங்கே வந்து, மகிழமரத்தடியில் ஆளுடைய நம்பியின் ஸ்ரீபுராணத்தைக் கேட்டதாக அது சொல்கிறது. ஆளுடைய நம்பி என்பது சுந்தரர். சேக்கிழாருக்கு ஒரு தலைமுறை கழித்து, கதை நடந்ததாகச் சொல்லப்படும் மரத்தடியிலேயே சோழ அரசன் உட்கார்ந்து அதைக் கேட்டிருக்கிறான். வாசித்தது சேக்கிழாரின் நூலா, வேறொன்றா என்று கல்வெட்டு சொல்லவில்லை. சேக்கிழார் நூல்தான் என்று எழுதிவிடும் அவசரம் பலருக்கு உண்டு. அந்த அவசரம் வேண்டாம்.

அப்போ மீதி எல்லாம் சேக்கிழார் கற்பனைன்னு சொல்றீங்களா?

இல்லை. வேறு சாட்சி இல்லை என்பதும், அவரே இட்டுக்கட்டினார் என்பதும் ஒன்றல்ல. அவர் முன்னோரிடமிருந்து வாங்கியே சொன்னார் என்பதற்குத் தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு தடயம் உண்டு. இராசராசன் காலத்தில் அங்கே எழுந்தருளுவித்த செப்புத் திருமேனிகளில் மெய்ப்பொருள் நாயனாருடையதும் ஒன்று. கல்வெட்டு அவரை எப்படிக் குறிக்கிறது தெரியுமா? "தத்தா நமரே காண் என்ற மிலாடுடையார்." அடியார் வேடத்தில் வந்து குத்தியவனை வெட்டப் பாய்ந்த தத்தனை, இவர் நம்மவர் என்று தடுத்த அந்த வாசகம், சேக்கிழாரிலும் ஏறத்தாழ அப்படியே வருகிறது. கல்வெட்டு 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது, சேக்கிழாருக்கு நூறாண்டுக்கு மேல் முந்தியது. கதையின் உச்ச வசனம் வரை அன்றே மக்கள் வாயில் இருந்தது.

எனவே சேக்கிழார் ஒரு விவரத்தை மட்டும் தனியாகச் சொல்லும்போது மூன்று வாய்ப்புகளைத் திறந்து வைக்கிறோம்: நமக்குக் கிடைக்காத பழைய வழக்கு, ஒற்றியூர் போன்ற இடங்களில் அவரே கேட்டறிந்தது, கதைக்கு வேண்டி அவரே நிரப்பியது. எது என்று ஒவ்வோர் இடத்திலும் தீர்மானிக்க முடியாது.

சேக்கிழாரைப் பத்தி நமக்கு எப்படித் தெரியும்?

நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். அவர் வரலாறும் பெரும்பாலும் பின்னால் வந்த ஒருவர் சொல்லித்தான் தெரிகிறது. அரசன் சமண காவியமான சீவக சிந்தாமணியில் மயங்கிக் கிடந்தான், அமைச்சர் சேக்கிழார் இடித்துரைத்தார், தில்லையில் "உலகெலாம்" என்று அசரீரி அடியெடுத்துக் கொடுத்தது என்பதெல்லாம் சேக்கிழார் புராணத்தில் வருபவை. அது உமாபதி சிவாசாரியார் பெயரில் வழங்குகிறது. அவர் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருந்தவர். இங்கேயும் ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டு இடைவெளி.

சேக்கிழார் வாயாலேயே கிடைப்பது கொஞ்சம்தான். பேரம்பலத்துக்குப் பொன் வேய்ந்த அநபாயன் அவையைப் பாயிரத்தில் குறிப்பிடுகிறார். அநபாயன் என்ற பட்டம் இரண்டாம் குலோத்துங்கனுக்கு உரியது, நூலின் காலத்தை அதை வைத்தே கணிக்கிறோம். குன்றத்தூர்ச் சேக்கிழான் என்ற பெயரோடு சோழர் கல்வெட்டுகளில் ஆட்கள் வருகிறார்கள். சேக்கிழான் என்பது குடிப்பெயர், ஆகவே அவர்களில் யாரையும் கவிஞர் என்று சட்டென்று அடித்துச் சொல்ல முடியாது.

இது நம்ம நாட்டுல மட்டும் இருக்கிற சிக்கலா?

இல்லவே இல்லை. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த தியானா ஊர் அப்பொல்லோனியஸ் என்ற கிரேக்க ஞானியைப் பற்றிய நீண்ட வரலாறு பிலோஸ்திராத்தஸ் என்பவர் 3ஆம் நூற்றாண்டில் எழுதியது. தாமிஸ் என்ற சீடரின் குறிப்பேடுகள் தமக்குக் கிடைத்ததாக அவர் சொல்கிறார். அந்தத் தாமிஸே பிலோஸ்திராத்தஸ் படைத்த பாத்திரம் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. சேக்கிழார் இந்த விஷயத்தில் நேர்மையாளர். தொகையையும் நம்பியின் அந்தாதியையும் தம் ஆதாரமாக வெளிப்படையாகச் சொல்கிறார், இரண்டும் இன்று நம் கையில் இருக்கின்றன.

கடற்கரையில சமாதி இருக்கே, பட்டினத்தார்? அவருக்கும் இதே மாதிரி பாக்கலாமா?

பார்க்கலாம், ஆனால் முதலில் ஆளைப் பிரிக்க வேண்டும். பதினோராம் திருமுறையில் பாட்டு உள்ள பட்டினத்துப் பிள்ளையார் ஒருவர். எளிய நடையில் நிலையாமை பாடிய பட்டினத்தார் அவருக்குச் சில நூற்றாண்டு பிந்தியவர் என்பதே மொழிநடையை வைத்து ஆய்வாளர்கள் சொல்வது. கதைகள் இருவரையும் ஒருவராக்கிவிட்டன.

வேற ஒரு நாயனாருக்கு நானே இதைச் செஞ்சு பாக்கணும். எங்க ஆரம்பிக்கிறது?

ஏழு, பதினொன்று, பன்னிரண்டு என மூன்று திருமுறைகளும் மூன்று நிறப் பேனாவும் போதும். பெரியபுராணம் தொகையின் வரிசையிலேயே செல்கிறது. தொகையின் 11 பாட்டுக்கு 11 சருக்கம், முன்னால் திருமலைச் சருக்கம், பின்னால் வெள்ளானைச் சருக்கம், ஆக 13. சருக்கத்தின் பெயரே தொகைப் பாட்டின் முதல் சொற்கள்தாம். "பொய்யடிமை இல்லாத புலவர்" சருக்கத்தைப் பிரித்தால் கலியர் கிடைப்பார்.

சேக்கிழார் கதையை உங்கள் சொல்லில் பத்துப் பதினைந்து சிறு வாக்கியங்களாக எழுதுங்கள், ஒரு வாக்கியத்தில் ஒரு செய்திக்கு மேல் வேண்டாம். தொகையில் உள்ளதை ஒரு நிறத்திலும், நம்பியில் உள்ளதை அடுத்த நிறத்திலும், மிச்சத்தை மூன்றாவது நிறத்திலும் அடிக்கோடிடுங்கள். பிறகு அப்பர், சம்பந்தர், சுந்தரர் பதிகங்களில் அந்த அடியார் பெயர் வேறெங்காவது வருகிறதா என்று தேடுங்கள். பெரும்பாலோர் தேடாமல் விடுவது இந்தப் படியைத்தான். நமிநந்திக்கு அப்பர் வரி கிடைத்தது இப்படித்தான். உரையாசிரியர் விளக்கத்தை வைத்து நிறம் தீட்டாதீர்கள். மூலப் பாட்டில் அந்தச் சொல் இருந்தால் மட்டும் தீட்டுங்கள்.

பொண்ணுக்கு ஸ்கூல்ல "எங்கள் ஊர்" பத்திப் பேச்சுப் போட்டி. கலிய நாயனாரை எப்படி எழுதிக் குடுக்கிறது? எல்லாத்தையும் சந்தேகமாவே சொன்னா நல்லாவா இருக்கும்?

சந்தேகமாகச் சொல்ல வேண்டியதில்லை. யார் சொன்னது என்பதை வினைச்சொல்லில் வைத்தால் போதும். இப்படி எழுதிக் கொடுங்கள்:

"சுந்தரர் வணங்கிய அடியார்களில் கலியன் ஒருவர். அவர் ஒற்றியூரில் எண்ணெய் ஆட்டும் குலத்தவர், கோயிலுக்கு விளக்கு வைத்தவர் என்று நம்பியாண்டார் நம்பி பாடுகிறார். செல்வம் போய், கூலியும் போய், எண்ணெய்க்குப் பதில் தம் உதிரத்தையே வார்க்கத் துணிந்தார் என்று சேக்கிழார் பாடுகிறார். சேக்கிழார் பார்த்த ஒற்றியூரில் செக்குகள் சுற்றிக்கொண்டிருந்தன. கோயிலில் ஒரு விளக்கு அணையாமல் எரியத் தொண்ணூறு ஆடுகள் தேவைப்பட்டன."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது கொஞ்சம் நிறுத்திச் சொல்லச் சொல்லுங்கள். தொண்ணூறு ஆடு என்றதும் முன்வரிசையில் யாராவது நிமிர்ந்து உட்காருவார்கள்.